ஜிலேபிப் பாகு: ஒரு கம்பிப் பதத்தை எப்போது, எப்படித் தொட்டுப் பார்ப்பது?

தக்கலைக்காரி

வீட்டில் மைதா ஜிலேபி செய்கிறேன். மாவு நன்றாகப் புளிக்கிறது, பிழிவதிலும் பொரிப்பதிலும் குறை இல்லை. பாகு மட்டும்தான் பிடிபட மாட்டேன் என்கிறது. அரைக் கிலோ சீனிக்கு அரை லிட்டர் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டேன். அடுப்பு எரிந்துகொண்டே இருக்க, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கரண்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து விரலில் பார்த்தேன். வெகு நேரம் கம்பியே வரவில்லை. அப்புறம் ஒரு தடவை பார்த்தபோது தடிமனாக இழுத்தது. இறக்கி ஜிலேபியைப் போட்டால், அரை மணி நேரத்தில் மேலே மாவு தூவியது போல வெள்ளையாகப் பூத்துவிட்டது. உள்ளே பாகு இறங்கவே இல்லை. சட்டியில் மிச்சமிருந்த பாகும் மணல் மணலாகக் கட்டிவிட்டது.

அடுத்த முறை கம்பிக்குக் காத்திருக்காமல் முன்னாலேயே இறக்கினேன். ஜிலேபி பாகில் ஊறித் துணி மாதிரி தொய்ந்துவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பதத்தை எத்தனை நிமிடத்தில் பிடிப்பது? விரலில் பார்ப்பதற்கு முறை ஏதும் உண்டா?

குழித்துறை_அண்ணன்

தங்கச்சி, இதற்கு இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். கொதி வந்த பிறகு 15 நிமிடம் வைத்தால் பதம் வந்துவிடும். விரலைச் சுட்டுக்கொள்ளவும் வேண்டாம். கரண்டியில் பாகை எடுத்து உயரத் தூக்கிச் சாய்த்தால் கடைசிச் சொட்டு நூல் போல இறங்க வேண்டும், அதுதான் ஒரு கம்பி. பூக்காமல் இருக்க, இறக்கி ஆறிய பிறகு பாதி எலுமிச்சம்பழம் பிழிந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

வடசேரி_மாஸ்டர்

அண்ணன் எலுமிச்சையைச் சொன்னது நல்ல விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன். மற்ற இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாகுக்கு நிமிடக் கணக்கு கிடையாது மக்களே. அகலமான உருளியில் எட்டு நிமிடத்தில் வருவது, குறுகிய பாத்திரத்தில் இருபது நிமிடம் ஆகும். அடுப்பு பெரிதா சிறிதா, தண்ணீர் எவ்வளவு என்பதை வைத்து எல்லாம் மாறும்.

கரண்டிச் சோதனை இன்னும் ஆபத்து. கொதிக்கிற பாகு இளகிப்போய்த்தான் இருக்கும். அந்தச் சூட்டிலேயே நூலாக இறங்குகிறது என்றால், ஆறும்போது அது ஒரு கம்பியைத் தாண்டிப் போயிருக்கும். மைசூர்பாகுக்கோ ஜிலேபிக்கோ நாம் சொல்லும் ஒரு கம்பி, விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறிய சொட்டில் பார்ப்பது.

தக்கலைக்காரிக்கும் இதில்தான் இடறியிருக்கிறது. கரண்டியிலிருந்து சுடச்சுட எடுத்த சொட்டில் கம்பி வராது. பாகு பதத்தில் இருந்தாலும் வராது. வரவில்லையே என்று இன்னும் கொதிக்கவிட்டால், சுடுகிற சொட்டிலேயே கம்பி இழுக்கும் வரை போய்விடும். அது முற்றிய பாகு. அதுதான் பூத்தது. முன்னாலேயே இறக்கியது வெறும் பிசுக்குப் பதம். குலாப் ஜாமூனுக்கு அது போதும், ஜிலேபிக்குப் பற்றாது.

நான் பார்க்கிற விதம் இது. அடுப்புப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துக்கொள்ளுங்கள். பாகில் நுரை சின்னச் சின்னதாக இருந்தது பெரிய குமிழியாக மாறி, கொதிக்கிற சத்தமும் கொஞ்சம் கனத்துக் கேட்கும்போது சோதனையைத் தொடங்கலாம். முதலில் அடுப்பை அணைத்துவிடுங்கள். இதை நிறைய பேர் செய்வதில்லை. நீங்கள் சொட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சட்டியில் பாகு மேலே போய்க்கொண்டே இருக்கும். அணைத்துவிட்டுத் தட்டில் அரைத் தேக்கரண்டி விடுங்கள். மெதுவாகப் பத்து எண்ணுங்கள். பிறகு ஈரமே இல்லாத ஆள்காட்டி விரலால் தொட்டு, கட்டை விரலோடு சேர்த்து அழுத்தி, மெதுவாகப் பிரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் நல்ல கம்பியும் அறுந்துவிடும்.

விரல் ஒட்டிப் பிரிகிறது, நூல் இல்லை என்றால் பிசுக்குப் பதம். நூல் கிளம்பி, கொஞ்சம் நீள்வதற்குள் அறுந்தால் அதை அரைக் கம்பி என்போம். ஒரே நூலாக ஒரு விரல் அகலத்துக்குப் பக்கமாக நீண்டு, அறுந்து சொட்டாகச் சுருண்டால் ஒரு கம்பி. இரண்டு நூலாக இழுத்தால் தாண்டிவிட்டது. பதம் வரவில்லையா, அடுப்பைப் பற்ற வைத்து ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு மறுபடி அணைத்துப் பாருங்கள். சோதனைக்கு நேரம் எடுத்துக்கொண்டால் ஒன்றும் கெடாது.

விரலில் துளி ஈரம் இருந்தாலும் சொட்டு நீர்த்துக் கம்பி வராது. கை கழுவியவுடன் பார்த்து ஏமாந்துபோவது வழக்கமாக நடப்பது.

தக்கலைக்காரி

மாஸ்டர், ரொம்ப நன்றி. பத்து எண்ணும் விஷயம் எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் புரியவில்லை. அவ்வளவு நேரம் ஒன்றும் ஆகாமல் கிடந்த பாகு, இரண்டே நிமிட இடைவெளியில் எப்படித் தாண்டும்?

கோட்டாறு_கெமிஸ்ட்ரி

பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். இதை எடை போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

நீங்கள் வைத்தது 500 கிராம் சீனி, 500 கிராம் தண்ணீர். மொத்தம் ஒரு கிலோ. சீனி ஆவியாகாது, போவதெல்லாம் தண்ணீர்தான். ஒரு கம்பிப் பதத்தில் பாகில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு சீனி இருக்கும். அப்படியென்றால் உங்கள் பாகு 715 கிராம் அளவுக்கு வற்ற வேண்டும். 285 கிராம் தண்ணீர் போக வேண்டும். அதில் பெரும்பகுதி போகும் வரை விரலில் ஒரு மாற்றமும் தெரியாது. நீங்கள் காத்திருந்த நேரம் அதுதான்.

உங்கள் அடுப்பு நிமிடத்துக்கு 30 கிராம் தண்ணீரை ஆவியாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 715இல் இருந்த பாகு அடுத்த இரண்டு நிமிடத்தில் 655 கிராம் ஆகிவிடும். அப்போது சீனி நூற்றுக்கு 76. ஒரு கம்பியெல்லாம் போய்விட்டது. தண்ணீர் குறையக் குறைய, அதே 60 கிராம் இழப்பு பதத்தை முன்னைவிட வேகமாக ஏற்றும்.

பூத்ததற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 215 கிராம் சீனியைக் கரைத்து வைத்திருக்கும். 655 கிராம் பாகில் தண்ணீர் 155 கிராம்தான். அது ஆறிய பிறகு 335 கிராம் சீனியைத்தான் தாங்கும். மீதி 165 கிராம் வெளியே வரக் காத்திருக்கிறது. ஒரு சின்னச் சீனிப் பரல் விழுந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் கட்டும். சரியான ஒரு கம்பியிலும் கொஞ்சம் சீனி கூடுதலாகத்தான் இருக்கும், ஆனால் 30, 40 கிராம் அளவில்தான்.

அதனால் அரைக் கிலோ சீனிக்குக் கால் லிட்டர் தண்ணீரே வையுங்கள். தொடக்கமே 750 கிராம். 35 கிராம் போனால் பதம். சீனி முழுவதும் கரைந்து கொதி வந்ததுமே கவனமாகிவிட வேண்டும்.

சமையலறைத் தராசு இருந்தால் சட்டியின் எடையை முதலிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாகு காய்ந்ததும் அடுப்பை அணைத்து, தராசின் மேல் ஒரு மரப்பலகையைப் போட்டு, பலகையின் எடையைக் கழித்துச் சட்டியோடு நிறுக்கலாம். பாகு கொதிக்கிற எண்ணெய் போலச் சுடும், குழந்தைகள் நிற்கும் இடத்தில் வேண்டாம்.

குழித்துறை_அண்ணன்

டீச்சர், கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் அம்மா எதையும் நிறுத்துச் செய்யவில்லை. கரண்டியில் நூல் பார்த்துத்தான் இறக்குவார்கள், பாகு கட்டியதே இல்லை.

வடசேரி_மாஸ்டர்

அம்மா கரண்டியை எடுத்தவுடன் சாய்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பிடித்து, விளிம்பில் பாகு ஆறிய பிறகு சாய்த்தால் அதுவும் சரியாகவே வரும். பழகிய கைக்கு அந்த நேரம் தானாகத் தெரியும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு அதை மட்டும் சொல்லிக் கொடுத்தால் தாண்டிவிடுவார்கள்.

அருமனை_அம்மச்சி

நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன் பிள்ளைகளே. கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து பிடித்தேன். சிறுபயறு வறுத்து உடைத்து, தேங்காய், ஏலக்காய் எல்லாம் போட்டு, வெல்லப்பாகு ஊற்றி உருட்டினால் உருண்டை ஆறினதும் கல்லாகிவிட்டது. எங்கள் மருமகள் இதைப் படித்துவிட்டு, பாகை எடை போடுங்கள் அத்தை என்கிறாள். எத்தனை கிராம் வர வேண்டும்?

வடசேரி_மாஸ்டர்

அம்மச்சி, இங்கே பேசுவது சீனிப்பாகு. வெல்லத்துக்கு இந்த எடைக் கணக்கு பொருந்தாது. வெல்லத்தில் ஏற்கெனவே ஈரம் இருக்கும், மண்ணும் தூசியும் இருக்கும், ஒவ்வொரு அச்சும் ஒவ்வொரு மாதிரி. கரைத்து வடிகட்டிவிட்டுத்தான் காய்ச்ச வேண்டும்.

முந்திரிக்கொத்துக்கு மெல்லிசாக ஒரு கம்பி வந்ததும் நிறுத்திவிடுங்கள். உங்களுக்குக் கல்லானது, அதிரசத்துக்கு வைப்பது போல உருட்டுப் பதம் வரை விட்டிருப்பதால் இருக்கலாம். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது விரலில் உருண்டையாகத் திரண்டால் முந்திரிக்கொத்துக்குக் கூடுதல். பாகை மொத்தமாக ஊற்றாமல் மாவு பிடிக்கிற அளவுக்குப் பார்த்துப் பார்த்து ஊற்றுங்கள்.

அருமனை_அம்மச்சி

ஆமா, தண்ணீரில் போட்டு உருட்டித்தான் பார்த்தேன். சரி மக்களே, அடுத்த தடவை முன்னாலேயே இறக்குகிறேன்.

குன்னூரில்_ஒரு_நாகர்கோவில்காரன்

விரலைவிட நான் தெர்மாமீட்டரை நம்புகிறவன். இணையத்தில் ஒரு கம்பிக்கு 105 டிகிரி என்று போட்டிருந்தது. அதை வைத்து இங்கே குன்னூரில் காய்ச்சினால் ஒவ்வொரு தடவையும் பாகு கெட்டியாகிவிடுகிறது. ஊருக்கு வந்தபோது அதே தெர்மாமீட்டரில் சரியாக வந்தது. கருவி கெட்டுவிட்டதா?

கோட்டாறு_கெமிஸ்ட்ரி

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. நாகர்கோவில் கடல் மட்டத்துக்குப் பக்கம், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே. அங்கே தண்ணீர் 94 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். பாகின் கொதிநிலையும் அதே அளவு இறங்கும். ஊரில் 105 என்றால் உங்களுக்கு 99 அளவில் பார்க்க வேண்டும். 105 வரை விட்டால் நீங்கள் கம்பிப் பதத்தைத் தாண்டி உருட்டுப் பதத்துக்கே போய்விடுவீர்கள்.

எந்த ஊராக இருந்தாலும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்து அளந்துகொள்ளுங்கள். அதைவிட 4 முதல் 6 டிகிரி கூடும்போது ஒரு கம்பி. இதைவிடத் துல்லியமாக என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரு கம்பி என்பதே ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இன்னொன்று, பாகு குறைவாக இருந்தால் தெர்மாமீட்டரின் நுனி சட்டியின் அடியைத் தொட்டுத் தப்பாகக் காட்டும். கால் கிலோ சீனிக்கு விரல்தான் நல்லது.

குளச்சல்_கேட்டரிங்

கல்யாண வேலை செய்கிறவன். மாஸ்டரோடு ஒரு இடத்தில் முரண்படுகிறேன். எங்கள் கடலோரத்தில் ஜிலேபிக்கு முழு ஒரு கம்பி வேண்டாம், அரைக் கம்பி போதும். ஜிலேபியின் குழாய் மெல்லிசு. பாகு கெட்டியானால் உள்ளே ஏறாமல் மேலே மட்டும் பூசிக்கொள்ளும். அரைக் கம்பியை நல்ல சூட்டில் வைத்தால் சட்டென்று உறிஞ்சும்.

வடசேரி_மாஸ்டர்

தம்பி, பந்தியில் உடனே பரிமாறுவதாக இருந்தால் உங்கள் முறை சரி. இரண்டு மூன்று மணி நேரம் தட்டில் நிற்க வேண்டும் என்றால், அரைக் கம்பியில் உள்ள கூடுதல் தண்ணீரில் ஜிலேபியின் ஓடு ஊறிப்போய்விடும். உள்ளே ஏறுவதும் ஏறாததும் பதத்தைவிடச் சூட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு கம்பிப் பாகை அடுப்பிலிருந்து இறக்கி, விரலை ஒரு கணம் வைத்து எடுக்கலாம் என்கிற சூட்டுக்கு வரவிட வேண்டும். ஜிலேபி எண்ணெயிலிருந்து நேராக அதில் விழ வேண்டும். அரை நிமிடம், ஒரு தடவை புரட்டி, எடுத்துவிட வேண்டும். கொதிக்கிற பாகில் போட்டால் மொறுமொறுப்பு போகும். ஆறிய பாகில் போட்டால் நீங்கள் சொன்னது போலப் பூச்சு மட்டும்தான். சூடு இறங்காமல் இருக்கப் பாகுச் சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைப்பேன். சிறு தீயில் அடுப்பிலேயே வைத்திருப்பவர்கள், கடைசி ஈடு வருவதற்குள் பாகு இரட்டைக் கம்பியாகிவிட்டதைக் கவனிப்பதில்லை. அப்படி ஏறிவிட்டால் இரண்டு மூன்று கரண்டி வெந்நீர் விட்டு ஒரு கொதி கொதிக்கவிட்டுப் பதம் பார்த்துக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீர் விட்டுச் சும்மா கலக்கக் கூடாது.

குளச்சல்_கேட்டரிங்

சூட்டைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அரைக் கம்பியை விட மாட்டேன்.

குழித்துறை_அண்ணன்

என் எலுமிச்சையை மறந்துவிட்டீர்களே?

கோட்டாறு_கெமிஸ்ட்ரி

மறக்கவில்லை அண்ணா. எலுமிச்சைப் புளிப்பு சீனியில் ஒரு பங்கைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடும். அவை நடுவில் புகுந்து நிற்பதால் சீனி ஒன்றோடொன்று சேர்ந்து பரலாகக் கட்ட முடியாது. ஆனால் அது நடக்கச் சூடும் நேரமும் வேண்டும். ஆறிய பாகில் பிழிந்தால் வாசனையும் புளிப்பும் வருமே தவிர, கட்டாமல் தடுக்கும் வேலை பெரிதாக நடக்காது. கொதி வந்ததும் விட வேண்டும். அரைக் கிலோ சீனிக்கு ஒரு தேக்கரண்டிச் சாறு போதும்.

பாதிப் பழம் பிழிந்து நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் வேறு தொல்லை. ஃபிரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நமக்கு ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. அந்த நாட்களில் ஜிலேபி கையில் ஒட்டிக்கொண்டு நசநசவென்று ஆகிவிடும்.

வடசேரி_மாஸ்டர்

எலுமிச்சை விட்டாலும், சட்டி ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் சீனியைக் கவனிக்காவிட்டால் பலன் பாதிதான். கொதிக்கும்போது ஈரத்துணியைக் கரண்டிக் காம்பில் சுற்றி ஓரத்தைத் துடைத்து இறக்கிவிடுங்கள். சீனி கரையும் வரை கிளறலாம், கரைந்த பிறகு கரண்டியை எடுத்துவிட வேண்டும்.

தக்கலைக்காரி

கால் கிலோ சீனியில் செய்து பார்த்தேன். 125 மில்லி தண்ணீர், கொதி வந்ததும் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. டீச்சர் கணக்கில் பாதி என்றால் 357 கிராம் வர வேண்டும். அடுப்பை அணைத்துத் தட்டில் சொட்டு விட்டுப் பத்து எண்ணினேன். முதல் தடவை அரைக் கம்பி. ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுப் பார்த்தபோது ஒற்றை நூல் நீண்டது. நிறுத்துப் பார்த்தால் பாகு 350 கிராம். கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கிறது, ஆனாலும் ஒரு கம்பிதான் இழுத்தது.

ஆச்சரியமான விஷயம், அதே நேரத்தில் கரண்டியைத் தூக்கிச் சாய்த்தேன், நூல் இல்லை, சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. அதை நம்பியிருந்தால் இன்னும் கொதிக்கவிட்டிருப்பேன்.

ஜிலேபி மொறுமொறுப்பாக, கடித்தால் உள்ளிருந்து பாகு வந்தது. பூக்கவும் இல்லை. ஆனால் டப்பாவில் போட்டு வைத்தது காலையில் தொய்ந்திருந்தது. இது பாகால்தானா?

வடசேரி_மாஸ்டர்

350 கிராமும் சரிதான், கவலைப்படாதீர்கள். தொய்ந்ததற்குச் சூட்டோடு டப்பாவை மூடியது காரணமாக இருக்கலாம், உள்ளே ஆவி வியர்த்துவிடும். கம்பித் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு மூடிப் பாருங்கள். அப்படியும் மைதா ஜிலேபி அன்றைக்குத் தின்கிற பண்டம்தான், மறுநாள் அதே மொறுமொறுப்பை நான் எதிர்பார்க்க மாட்டேன்.

குளச்சல்_கேட்டரிங்

மழை நாளில் அன்று மாலைக்கே தொய்யும். பாகு எந்தப் பதமானாலும் எங்களுக்கு அப்படித்தான். அரிசி மாவு கொஞ்சம் சேர்த்துப் பார்க்கிறோம், ஓடு சற்று நிற்கிறது. எவ்வளவு சேர்ப்பது என்பதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

தக்கலைக்காரி

மீந்த பாகை என்ன செய்வது? மேலே கொஞ்சம் எண்ணெய் மிதக்கிறது.

வடசேரி_மாஸ்டர்

ஆறியதும் எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, துணியில் வடிகட்டி, ஈரமில்லாத பாட்டிலில் ஃபிரிஜ்ஜில் வையுங்கள். அடுத்த ஜிலேபிக்கு அதையே திரும்பக் காய்ச்ச வேண்டாம். பொரித்த வாசனை வரும், பதமும் பிடி கொடுக்காது. சில நாளுக்குள் கேசரியிலோ பாயசத்திலோ சீனிக்குப் பதிலாகச் சேர்த்துத் தீர்த்துவிடுங்கள். பாட்டில் அடியில் கற்கண்டு கட்டினால் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் கரைந்துவிடும்.